பாலி மொழி சரணம், தமிழ் எழுத்துல

[0:00] வெறும் தமிழ் எழுத்துல போட்டா புத்தங்கிறத 'பத்து' மாதிரி படிச்சிடுறோம், அதான் பக்கத்துல குட்டி நம்பர். நம்பர் இல்லன்னா பல்லவியோட 'ப', 2ன்னா அதே எழுத்து மூச்சு விட்டு, 3ன்னா பஸ்ஸோட 'ப', 4ன்னா பாரதியோட 'ப' மாதிரி அடிவயித்துலேர்ந்து

[0:21] நமோ தஸ்ஸ ப⁴க³வதோ அரஹதோ
('தோ' ரெண்டு தடவையும் தோட்டத்துல வர்ற தோ, நம்ம வாய் தானா 'அதோ' மாதிரி கொழகொழன்னு ஆக்கிடும், விடாதீங்க)

[0:29] ஸம்மாஸம்பு³த்³த⁴ஸ்ஸ
(கடைசி ஸ்ஸல ஒரு செகண்ட் நில்லுங்க. மொத்தம் 3 தடவை)

[0:58] பு³த்³த⁴ங் ஸரணங் க³ச்சா²மி
(புத்தரை சரணடைகிறேன். 'ம்'னு உதட்ட மூடாம மூக்குல 'ங்'. கச்சாமில 'ச்சா' பச்சை மாதிரி ஆரம்பிச்சு மூச்சோட முடியணும்)

[1:06] த⁴ம்மங் ஸரணங் க³ச்சா²மி
(தம்மம்னா போதனை, சமஸ்கிருதத்துல தர்மம், இங்க 'ர்' கிடையாது)

[1:14] ஸங்க⁴ங் ஸரணங் க³ச்சா²மி
(ஸங்கம்னா துறவிகளோட கூட்டம்)

[1:23] து³தியம்பி பு³த்³த⁴ங் ஸரணங் க³ச்சா²மி
(இரண்டாவது முறையும். 'ம்பி'ய கம்பி, தம்பி மாதிரி படிக்காதீங்க, 'ம்' சொல்லி லேசா நிறுத்தி 'பி'. போன வீடியோல நானே தப்பா சொல்லி மாட்டிக்கிட்டேன்)

[1:48] ததியம்பி பு³த்³த⁴ங் ஸரணங் க³ச்சா²மி
(மூன்றாவது முறையும். ரெண்டு 'த'வும் தண்ணில வர்ற த)

[2:12] (மௌனம், மணி சத்தம் மட்டும்)