பில் ஆப் தானாக மூடிக்கொள்வது பற்றி

வணக்கம் அண்ணாச்சி,

குலசேகரம் கடையில் ரப்பர் ஷீட் எடை போடும் நேரத்தில் ஆப் தானாக மூடிக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். ஆட்கள் காத்து நிற்கும்போது இது பெரிய சிரமம்தான். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். போனில் இடம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. புது பில்லைச் சேமிக்க முடியாமல் ஆப் நின்றுவிடுகிறது. நீங்கள் எதையும் தப்பாக அழுத்தவில்லை.

ஒன்று மட்டும் முக்கியம்: ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டாம். சர்வருக்குப் போகாத பில்கள் இன்னும் போனில்தான் இருக்கின்றன. அழித்தால் அவையும் போய்விடும்.

முதலில் வாட்ஸ்அப்பில் சேர்ந்துகிடக்கும் வேண்டாத வீடியோக்களை நீக்குங்கள். 2 ஜிபி காலியானால் போதும். அப்புறம் ஆப்பின் படத்தை அழுத்திப் பிடித்து, "App info", அதில் "Storage" போய், "Clear cache" மட்டும் தொடுங்கள். பக்கத்திலேயே "Clear storage" இருக்கும், சில போன்களில் "Clear data" என்றிருக்கும். அதைத் தொடவே கூடாது. போனை ஒருமுறை அணைத்துப் போட்டு, நெட் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் ஆப்பைத் திறந்து, மேலே உள்ள மேகக் குறி பச்சையாகும்வரை விட்டுவிடுங்கள். பச்சையான பிறகு பிளே ஸ்டோரில் "Update" கொடுங்கள்.

மறுபடி மூடிக்கொண்டால், கடைசியாக எதைத் தொட்டீர்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள். மதியம் கடை ஓய்ந்ததும் நானே கூப்பிடுகிறேன், சேர்ந்து பார்த்துவிடலாம்.

வாடிக்கையாளர் உதவிப் பிரிவு,
நாகர்கோவில்