முதல் திருப்புதல் தேர்வு: வினா வரிசை, சாய்ஸ், கூடுதல் விடை பற்றிய விதிகள்

பத்தாம் வகுப்பு மாணவ மாணவியருக்கு, தேர்வுப் பொறுப்பாசிரியர் எழுதுவது. மேலூர்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை முதல் திருப்புதல் தேர்வு தொடங்குகிறது. காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். முதல் 10 நிமிடம் வாசிக்க, அடுத்த 5 நிமிடம் முகப்புத்தாளை நிரப்ப. எழுதுவது 10.15 முதல் 1.15 வரை. பொதுத்தேர்வு நடக்கும் முறையிலேயே இதையும் நடத்துகிறோம். கீழே உள்ள விதிகள் நம் பள்ளியில் நடக்கும் இந்தத் தேர்வுக்கானவை. எல்லாப் பாடத்துக்கும் பொருந்தும். விளக்கத்துக்குக் கணக்கு வினாத்தாளையே எடுத்துக்கொள்கிறேன்.

எதை முதலில் எழுதலாம்?

எதை வேண்டுமானாலும். ஒரு மதிப்பெண்ணில் தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கிராஃபையும் வடிவியலையும் முதலில் முடித்துவிட்டு ஐந்து மதிப்பெண்ணுக்கு வருகிறவர்கள் அப்படியே செய்யலாம். அதற்காக யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டோம்.

ஆனால் ஒரு பகுதியைத் தொடங்கினால் அந்தப் பகுதியின் விடைகள் முடிந்தவரை சேர்ந்தே இருக்கட்டும். இடையில் விட்டுவிட்டுப் பிறகு திரும்பி வந்தால், பக்கத்தின் மேலே ‘பகுதி II’ என்று மறுபடியும் தலைப்பு எழுதுங்கள். பாதியில் நிற்கும் கணக்கின் அடியில் இடம் போதவில்லையா? அங்கே ‘தொடர்ச்சி பக்கம் 17’ என்று எழுதிவிட்டு, பதினேழாம் பக்கத்தில் வினா எண்ணை மறுபடி போட்டுத் தொடருங்கள்.

வினா எண் மிக முக்கியம். வினாத்தாளில் அச்சாகியிருக்கும் எண்ணையே இடது ஓரத்தில் எழுத வேண்டும். நீங்கள் எழுதும் வரிசைக்கு 1, 2, 3 என்று சொந்தமாக எண் போடக் கூடாது. எண்ணே இல்லாத விடையையும், வேறு வினாவின் எண்ணைப் போட்ட விடையையும் திருத்த மாட்டோம். அரையாண்டில் ஒரு விடைத்தாளில் 19-ஆம் கணக்குக்கு 16 என்று எண் இருந்தது. கணக்கு முழுக்கச் சரி. எந்த வினாவுக்கான விடை என்று கண்டுபிடிக்க நான் வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடினேன். எங்கோ இருக்கும் முகாமில் உங்களைத் தெரியாத ஒருவர் திருத்தும்போது அப்படித் தேடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் இப்போதே பழகச் சொல்கிறேன்.

சாய்ஸ் எங்கே உண்டு, எங்கே இல்லை

பகுதி I-இல் 14 வினா, பதினான்குக்கும் விடை எழுத வேண்டும். குறியீட்டையும் விடையையும் சேர்த்தே எழுதுங்கள். குறியீடு ஒன்றும் விடை வேறொன்றுமாக இருந்தாலோ, ஒரே வினாவுக்கு இரண்டு குறியீடு எழுதியிருந்தாலோ மதிப்பெண் கிடையாது.

பகுதி II-இல் 15 முதல் 28 வரை 14 வினா. பத்துக்கு எழுதினால் போதும். பகுதி III-இல் 29 முதல் 42 வரை 14 வினா, அங்கேயும் பத்து. இந்த இரண்டிலும் கடைசி வினா, அதாவது 28-உம் 42-உம் கட்டாய வினா. உங்கள் சாய்ஸ் மற்ற பதின்மூன்றில் ஒன்பதைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும்தான். அறிவியலில் பத்துக்கு ஏழு. அங்கே கட்டாய வினா 22-உம் 32-உம்.

கட்டாய வினாவை விட்டால் அதன் மதிப்பெண் போனது போனதுதான். வேறு வினா எழுதி ஈடுகட்ட முடியாது. அரையாண்டில் ஒரு பிள்ளை பகுதி II-இல் 15 முதல் 27 வரை பதின்மூன்றையும் எழுதியிருந்தது. பதின்மூன்றும் சரி. 28-ஐத் தொடவே இல்லை. கிடைத்தது 20 அல்ல, 18. அந்தத் தாளைக் கூட்டிப் போடும்போது எனக்கு மனசே ஆறவில்லை. கட்டாய வினா தெரியாவிட்டாலும் சூத்திரத்தையாவது, கொடுத்த விவரத்தையாவது எழுதுங்கள். படிகளுக்கு மதிப்பெண் உண்டு.

பகுதி IV-இல் 43, 44 இரண்டும் எட்டு மதிப்பெண். ஒவ்வொன்றிலும் (அ) அல்லது (ஆ). 43-இல் (அ) எழுதினால் 44-இலும் (அ)தான் எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் 43 (அ)-வில் பாதி, (ஆ)-வில் பாதி என்று எழுதினால் இரண்டையும் கூட்டி எட்டாக்க மாட்டோம். ஏதாவது ஒன்றின் மதிப்பெண்தான் வரும். வினா எண்ணோடு (அ), (ஆ) என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

கேட்டதைவிட அதிகமாக எழுதினால்

எழுதலாம், தடையில்லை. எல்லாவற்றையும் திருத்துவோம். கட்டாய வினாவின் மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, மற்றவற்றில் அதிக மதிப்பெண் பெற்ற ஒன்பதைச் சேர்ப்போம். மிச்சத்தைச் சுற்றி வட்டம் போட்டு ‘கூடுதல்’ என்று எழுதி விட்டுவிடுவோம்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பகுதி II-இல் ஒருவர் 12 வினா எழுதியிருக்கிறார். 28-க்கு 1 மதிப்பெண். மற்ற பதினொன்றில் எட்டுக்கு 2 வீதம், இரண்டுக்கு 1 வீதம், ஒன்றுக்கு 0. சிறந்த ஒன்பது என்றால் 16-உம் 1-உம், அதாவது 17. அதோடு 28-இன் 1 சேர்ந்து 18. வரிசையில் முதலில் எழுதியது எது, கடைசியில் எழுதியது எது என்று பார்ப்பதில்லை. (அ), (ஆ) இரண்டையும் எழுதினாலும், ஒரே கணக்கை இரண்டு முறை போட்டாலும், எது அதிகமோ அதை எடுப்போம்.

இது இந்தத் தேர்வின் விதி. பின்னால் நீங்கள் எழுதப்போகும் கல்லூரித் தேர்வு, போட்டித் தேர்வுகளில் இந்த முறை மாறலாம். வினாத்தாளின் முதல் பக்கத்தை வாசிக்கும் பழக்கம் இருந்தால் தப்பித்துக்கொள்வீர்கள்.

விதி அனுமதிக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் எழுத உட்காராதீர்கள். முதலில் 100 மதிப்பெண்ணுக்கும் எழுதி முடியுங்கள். பிறகு நேரமிருந்தால், எந்த விடையில் உங்களுக்குச் சந்தேகமோ அந்தப் பகுதியில் ஒன்றோ இரண்டோ கூடுதலாக எழுதுங்கள். மேலே சொன்ன அந்தப் பதின்மூன்று எழுதிய தாளில் கிராஃபுக்கு அச்சுகள் மட்டும்தான் இருந்தன. புள்ளி வைக்கக்கூட நேரமில்லை.

அடித்தல்

வேண்டாத விடையை ஒரே ஒரு சாய்கோடு போட்டு அடியுங்கள். அடித்த விடையைத் திருத்த மாட்டோம், அது சரியாகவே இருந்தாலும். அதனால் புதிய விடையை எழுதி முடிக்கும் வரை பழையதை அடிக்க வேண்டாம். பத்துக்கு மேல் எழுதிவிட்டோமே என்று பயந்து மணியடிக்கும் நேரத்தில் ஒன்றை அடிக்கவும் வேண்டாம். எதை விடுவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கோபத்திலோ அழுகையிலோ தாள் முழுவதையும் அடித்துவிடுவது பொதுத்தேர்வில் ஒழுங்கீனச் செயலாகவே எடுத்துக்கொள்ளப்படும். இங்கேயும் அது கூடாது.

கிராஃப் தாளில் வினா எண் எழுதி, விடைத்தாளோடு நூலால் கட்டுங்கள். ரஃப் ஒர்க்கைப் பக்கத்தின் அடியில் கோடு போட்டுப் பிரித்து எழுதுங்கள்.

இதில் எது புரியாவிட்டாலும் 19-ஆம் தேதி மாலை நாலரை மணி வரை ஆசிரியர் அறையில் இருப்பேன். கொட்டாம்பட்டி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே வந்து கேளுங்கள். தேர்வு அறையில் அறைக் கண்காணிப்பாளரிடம் கேட்டால் அவர் வினாத்தாளில் உள்ள குறிப்பை வாசித்துக் காட்டுவார், எந்த வினாவை எடுக்கலாம் என்று சொல்ல மாட்டார்.