மாதிரி விடை: திராட்சைத் தோட்ட வேலையாட்கள்

வினா: மத்தேயு 20:1–16 பகுதியை வாசித்து, உவமையின் சூழலையும் பொருளையும் ஆராய்க. (10 புள்ளிகள்)

விடை: உவமையின் சூழல் முந்தின அதிகாரத்திலேயே தொடங்குகிறது. செல்வமுள்ள இளைஞன் வருத்தத்தோடு போய்விடுகிறான். உடனே பேதுரு, எல்லாவற்றையும் விட்டுவந்த எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார் (19:27). கணக்குப் பார்க்கும் அந்தக் கேள்விக்கான பதிலின் தொடர்ச்சிதான் இந்தக் கதை.

கதையில் ஓர் எஜமான் காலை முதல் மாலை வரை வெவ்வேறு நேரங்களில் ஆட்களைத் தன் திராட்சைத் தோட்டத்துக்கு அழைக்கிறார்; மாலையில் கடைசியில் வந்தவர்களிலிருந்து தொடங்கி எல்லாருக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். வேலையாட்கள் அன்றாடம் கூலிக்குக் காத்து நிற்பவர்கள். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. சூரியன் மறையுமுன் கூலி தரவேண்டும் என்பது மோசேயின் சட்டம் (உபாகமம் 24:15). மாலையில் பட்டுவாடா நடப்பது அதனால்தான்.

கடைசியில் வந்தவர்களைச் சோம்பேறிகள் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். சரியல்ல. தங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள் (வசனம் 7). ஒரு மணி நேரக் கூலியை மட்டும் கொடுத்தால் அவர்கள் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. முதலில் வந்தவர்களுக்கோ பேசிய கூலி குறையவே இல்லை. அவர்களுடைய முறையீடு, மற்றவர்களைத் தங்களுக்குச் சமமாக்கியதைப் பற்றியது (வசனம் 12). ஆகவே இங்கே கடவுளின் ஆட்சி, உழைப்பின் அளவை அல்ல, ஆளின் தேவையையும் கொடுப்பவரின் தாராளத்தையும் பார்க்கிறது.

முடிவிலுள்ள "கடைசியானோர் முதலாவர்" என்ற கருத்து மாற்கு 10:31இல் இதே செல்வமுள்ளவனின் நிகழ்ச்சியை ஒட்டியும், லூக்கா 13:30இல் வேறு சூழலிலும் வருகிறது. கதையில் வரிசை மாறுவது முந்தி வந்தவர்கள் அதைப் பார்க்கவேண்டும் என்பதற்காக மட்டுமே. எனவே உவமையின் மையம் 15ஆம் வசனத்தில், நான் தாராளமாய் இருப்பதால் உனக்குப் பொறாமையா என்று எஜமான் கேட்கும் கேள்விதான் எனலாம்.