எலியா பிரசங்கம்: திருத்திய பிரதியோடு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு, ஸ்தோத்திரம்.

பட்டர்வொர்த்தில் ஞாயிறன்று நீங்கள் கொடுக்கப்போகும் 1 இராஜாக்கள் 19 செய்தியை முழுவதும் படித்தேன். ஒன்பது பக்கம் இப்போது நான்காகியிருக்கிறது. வெட்டியதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். செய்தி உங்கள் பிரதிக்குள்ளேயே இருந்தது, ஆறாம் பக்கத்தில் ஒரு பாதி வரியாக. அதை எடுத்து முழு வாக்கியமாக்கி மேலே வைத்திருக்கிறேன்:

களைத்து விழுந்தவனிடம் கேள்வி கேட்பதற்கு முன்னால், கர்த்தர் அவனுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்.

வேதபகுதியின் வரிசையே இதுதான். 5ஆம் வசனத்தில் தூதன் வருகிறான், 6இல் அடையும் தண்ணீரும், 7இல் மறுபடியும் சாப்பாடு. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி 9ஆம் வசனத்தில்தான், ஓரேபில், நாற்பது நாள் நடந்த பிறகு வருகிறது.

இந்த வாக்கியத்துக்கு உதவாததையெல்லாம் எடுத்துவிட்டேன். கர்மேல் அக்கினிக்கு இரண்டு பக்கம் கொடுத்திருந்தீர்கள். அது 18ஆம் அதிகாரத்தின் பிரசங்கம். தனிமை, தவிப்பு, தஞ்சம் என்ற மூன்று தலைப்பும் கேட்க அழகு. ஆனால் 'தஞ்சம்' உங்கள் வசனத்திலிருந்து வரவில்லை, 'த'வுக்காக வந்தது. சங்கீதம் 23, ஏசாயா 40, மத்தேயு 11 மூன்றையும் வேறு ஞாயிறுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். "தேவன் நம்மைக் கைவிடமாட்டார்" என்பது கிட்டத்தட்ட எல்லாப் பக்கத்திலும் வருகிறது. நான்காம் தடவை கேட்கும்போது அது காதில் விழாது. அப்பத்தைக் காட்டினாலே போதும், கைவிடவில்லை என்பது சபைக்குப் புரியும்.

ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் வெட்டியதைத் திரும்பச் சேர்த்தேன். "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்று தூதன் இரண்டு தடவை சொல்கிறான். அதை ஒன்றாக்கியிருந்தீர்கள். இரண்டாம் தடவை "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று ஒரு காரணமும் சேர்கிறது. அந்தத் திரும்பச் சொல்லல் கதையை முன்னே நகர்த்துகிறது, ஆகவே இருக்கட்டும்.

தொடக்கம் இப்போது இப்படி:

*பிரியமானவர்களே, நேற்றுவரை ராஜாவுக்கு முன்னால் நின்ற மனுஷன் இன்று ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துக்கிடக்கிறான். யேசபேலின் மிரட்டல் வந்தது, உயிர் தப்ப ஓடினான், வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குள் போனான். "போதும் கர்த்தாவே" என்கிறான். இந்த ஜெபத்துக்குக் கர்த்தர் என்ன பதில் சொன்னார்? ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தூங்க விட்டார். பிறகு சாப்பாடு அனுப்பினார்.*

எவரெஸ்ட் ஏறியவர் கதையையும் விமானி கதையையும் எடுத்துவிட்டு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டி வரும் சகோதரியை மட்டும் வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் உங்கள் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவரை யாரென்று அடையாளம் தெரியும்படி மட்டும் சொல்லாதீர்கள்.

*இரவெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு நேராக ஆராதனைக்கு வருகிறார். பாட்டு நேரத்தில் கண் சொருகுகிறது. "ஏன் இப்போதெல்லாம் ஜெபக்கூட்டத்துக்கு வருவதில்லை?" என்று வாசலிலேயே கேட்கிறோம். சாப்பிட்டீர்களா என்று யார் கேட்டோம்?*

இதை மெதுவாகச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு, கொஞ்சம் நிறுத்துங்கள். உடனே விளக்கம் கொடுத்தால் கேள்வியின் வலி போய்விடும்.

யோவான் 21ஐ ஏழாம் பக்கத்தில் பத்து மேற்கோள்களுக்கு நடுவில் புதைத்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் உங்கள் பிரதியிலேயே நல்ல இடம். முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டேன்:

*கடற்கரையில் சீஷர்களும் இரவெல்லாம் வேலை செய்தவர்கள்தான், அந்த இரவில் ஒரு மீனும் அகப்படவில்லை. அவர்களில் ஒருவன் தம்மை மறுதலித்தவன். ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். பேதுருவிடம் "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று கேட்டது, அவர்கள் சாப்பிட்ட பிறகு. களைத்து விழுந்தவனிடம் கேள்வி கேட்பதற்கு முன்னால், கர்த்தர் அவனுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்.*

மைய வாக்கியத்தை மூன்று இடத்தில் மட்டும் முழுதாகச் சொல்லுங்கள்: தொடக்கக் கதை முடிந்ததும், சகோதரியின் கதைக்குப் பிறகும், இங்கேயும். வார்த்தையை மாற்றாதீர்கள். மாற்றினால் சபை அதை இன்னொரு கருத்தாக எடுத்துக்கொள்ளும்.

கடைசி ஜெபம் ஒரு பக்கத்துக்குப் போயிருந்தது. பிரசங்கம் முழுவதையும் ஆண்டவருக்குத் திரும்பச் சொன்னதுபோல் இருந்ததால், மூன்று வரியாக்கினேன். சனிக்கிழமை இரவுக்குள் ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்குகிற வரிகளை வட்டம் போட்டு எனக்குப் போன் செய்யுங்கள், அவற்றையும் சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
பிரிக்பீல்ட்ஸ் அக்கா