பாட்டியின் கடிதமும் 13 எழுத்துகளும்

1/18
இம்மாத மடலில் தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தைப் பற்றி நான் எழுதிய நீண்ட கட்டுரையைக் கைப்பேசியில் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை என்று பலர் தெரிவித்திருந்தீர்கள். அதையே 18 சிறு பதிவுகளாகப் பிரித்து இங்கே தருகிறேன். பேசப்போவது 13 எழுத்துகளைப் பற்றி.

2/18
என் பாட்டி 1964இல் எழுதிய இன்லாண்டு கடிதம் ஒன்று எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதைத் தடையின்றி வாசித்துக்கொண்டே வந்தவள், “உடம்புக்கு ஒன்றுமில்லை” என்ற இடத்தில் நின்றுவிட்டாள். “அப்பா, இது என்ன எழுத்து?” என்று கேட்டாள்.

3/18
அவள் விரல் வைத்திருந்தது ‘லை’. இன்று நாம் எழுதுவதுபோல் முன்னால் தனியாக நிற்கும் ஐகாரக் குறி அதில் இல்லை. அதற்குப் பதிலாக, லகரத்தின் தலையில் யானைத் துதிக்கை போல ஒரு சுழி ஏறியிருக்கும். அந்த வடிவத்தை இங்கே தட்டச்சு செய்து காட்ட இயலாது. காரணத்தை 17ஆம் பதிவில் சொல்கிறேன்.

4/18
துதிக்கை பெற்றவை ணை, லை, ளை, னை என்ற நான்கு. ணா, றா, னா என்ற மூன்றில் கால் தனியாக நிற்காமல், எழுத்தின் வலப்பக்க முடிவு கீழே இறங்கிச் சுழிந்துகொள்ளும். ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய ஆறிலும் அதே சுழிதான், முன்னால் கொம்பு மட்டும் கூடுதல். ஆக மொத்தம் 13.

5/18
இதில் வழக்கம் எத்தனை சீரற்றதாக இருந்தது என்பதை ஊர்ப்பெயர்களிலேயே பார்க்கலாம். ‘மதுரை’யின் ரையும் ‘கோவை’யின் வையும் அன்றும் இன்றுபோலத்தான் இருந்தன. ‘சென்னை’யின் னைக்கு மட்டும் துதிக்கை. முதல் வகுப்புக் குழந்தைக்கு இதற்கு ஒரு காரணம் சொல்ல எந்த ஆசிரியராலும் முடிந்திருக்காது.

6/18
இந்த வடிவங்களின் வேர் ஓலையில் இருக்கிறது. எழுத்தாணியைத் தூக்காமல் ஒரே ஓட்டமாகக் கீறிச்செல்லும் கைக்கு, தனிக் காலை நிறுத்துவதைவிட எழுத்தோடு சேர்த்துச் சுழிப்பதே எளிது என்பது என் எண்ணம்.

7/18
ஓலையில் பெரும்பாலும் புள்ளியும் வைக்கமாட்டார்கள். அழுத்திக் குத்தினால் ஓலை பழுதாகும். எகர, ஒகரங்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம் என்றாலும், புள்ளி விடுபட்ட ஓலையில் ‘எரி’, ‘ஏரி’ இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எது நெருப்பு, எது நீர் என்பதைப் படிப்பவர்தான் இடமறிந்து முடிவுசெய்ய வேண்டும்.

8/18
அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவராகப் போற்றப்படுபவர் வீரமாமுனிவர் (1680–1747). நெடிலுக்குத் தனி வடிவம் தந்து ஏ, ஓ என்றும், இரட்டைச் சுழிக் கொம்பு என்றும் நாம் இன்று எழுதும் முறை அவர் வழி வந்தது. தமிழ் எழுத்து என்றுமே மாறியதில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

9/18
1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தொடங்கி ஈய அச்சுகளின் காலம் வந்தது. ஓலையில் கையின் ஓட்டத்துக்கு எளிதாக இருந்த சுழி, அச்சில் சுமையாயிற்று. சேர்ந்து சுழிந்த ஒவ்வொரு வடிவத்துக்கும் தனியாக ஓர் அச்சு வார்க்க வேண்டும்.

10/18
என் பெரியப்பா சிவகாசியில் ஒரு சிறிய அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவர். அவர் சொல்லித்தான் எனக்கு இந்தச் சுமை விளங்கியது. ‘அண்ணாமலை’ என்ற பெயரைக் கோக்கும்போது, பழைய முறையில் ‘ணா’வுக்கும் ‘லை’க்கும் எழுத்துப் பெட்டியான கேஸில் தனித்தனி அறைகளைத் தேடிக் கை போகும்.

11/18
கல்யாண மாதங்களில், பத்திரிகைக்குப் பத்திரிகை ஓர் அண்ணாமலையாவது இருப்பார். ணா அச்சு தீர்ந்துவிட்டால், முன்னதாகக் கோத்த பக்கம் அச்சேறி, அது பிரித்துப் போடப்படும்வரை, எழுத்துகளைக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாராம். புதிய முறையில் ண ஓர் அறையில், கால் இன்னோர் அறையில். இரண்டும் எப்போதும் நிறைந்தே இருக்கும்.

12/18
பெரியார் 1935 ஜனவரியில் ‘குடிஅரசு’ இதழில் இந்த மாற்றத்தைத் தொடங்கினார். அனுமதிக்கும் குழுவுக்கும் காத்திராமல், தம் இதழிலேயே புதிய வடிவங்களைப் புழக்கத்தில் விட்டார். இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்வது அதுதான். வாரந்தோறும் படித்த கண்களுக்கு அந்த எழுத்துகள் பழகிப்போயின.

13/18
அரசாணை வருவதற்கு 43 ஆண்டுகள் ஆயின. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, 1978 அக்டோபரில், தமிழ்நாடு அரசு அந்த 13 வடிவங்களையும் ஏற்றது.

14/18
பெரியார் கேட்ட அனைத்தும் ஏற்கப்படவில்லை. ஐ, ஔ இரண்டையும் விட்டுவிட்டு அய், அவ் என்றே எழுதலாம் என்ற கருத்தை 1978 ஆணை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். 13 எழுத்துகளில் மாறியது வடிவம் மட்டுமே. ஐயும் ஔவும் போனால் நெடுங்கணக்கிலேயே இரண்டு உயிர்கள் குறையும்.

15/18
பின்னாளில் கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளின் 72 உயிர்மெய்களையும் பொதுக் குறிகளால் எழுதலாம் என்று வலியுறுத்தினார். கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைவது கற்பவருக்குக் கடினம் என்பது உண்மை. ஆனால் 72 வடிவங்கள் மாறினால், அதுவரை அச்சான அத்தனை பக்கங்களும் அடுத்த தலைமுறைக்கு அந்நியமாகும். 13 எழுத்துகளுக்கே என் மகள் தடுமாறி நின்றாள்.

16/18
1978இல் செய்த மாற்றம் நல்ல மாற்றம். செய்யாமல் விட்ட வேலை ஒன்று உண்டு: பழைய வடிவங்களை எழுதக் கற்பிக்க வேண்டியதில்லை, படிக்கவாவது கற்பித்திருக்கலாம். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரே ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கம் இருந்தால், 1978க்கு முன் அச்சான நூல்களும், வீட்டுப் பத்திரங்களும், தாத்தா பாட்டியின் கடிதங்களும் பிள்ளைகளின் கைக்கு எட்டும்.

17/18
தட்டச்சில் ஏன் காட்ட இயலாது? யூனிகோடில் ‘லை’ என்பது U+0BB2 (ல), U+0BC8 (ஐகாரக் குறி) என்ற இரண்டு குறியீடுகள் மட்டுமே. துதிக்கையோடு காட்டுவதா, குறியை முன்னால் நிறுத்துவதா என்பது எழுத்துருவின் பொறுப்பு. பழைய வடிவங்களைக் கொண்ட எழுத்துரு ஒன்றை நிறுவிவிட்டால், இதே வாக்கியம், ஓர் எழுத்தும் மாற்றாமல், உங்கள் கணினியில் 1964இன் தோற்றத்தில் நிற்கும்.

18/18
13 எழுத்துகளையும் ஒரு தாளில் வரைந்து மகளிடம் கொடுத்தேன். ஐந்து நிமிடம் பார்த்தாள்; பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் என் அம்மாவுக்கு முழுவதும் சத்தமாக வாசித்துக் காட்டினாள். “அண்ணாவிடம் சொல்லாதே, வீணாகக் கவலைப்படுவான்” என்ற வரியில் இம்முறை அவள் நிற்கவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடிதம் இருந்தால், அதில் ஒரு வரியைப் படமெடுத்து இதன் கீழே இடுங்கள். அதிலுள்ள எழுத்துகளைச் சேர்ந்து படிப்போம்.