ஹோஸ்டிங் எஸ்எல்ஏ சுருக்கம்: கையெழுத்துக்கு முன் அண்ணாச்சி பார்வைக்கு

அண்ணாச்சிக்கு வணக்கம்.

புது சர்வருக்கான ஒப்பந்தத்தோடு பதினோரு பக்கத்தில் ஒரு எஸ்எல்ஏ வந்திருக்கிறது. சர்வர் எவ்வளவு நேரம் ஓடும், ஓடாவிட்டால் நமக்கு என்ன கிடைக்கும், எதற்கெல்லாம் கிடைக்காது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. விலைப்பட்டியலில் இதில் ஒரு வரிகூட இல்லை. இரண்டு தடவை முழுதாகப் படித்து, நம் காலண்டர் ஆர்டர் வேலையோடு பொருத்திப் பார்த்து இதை எழுதியிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வர் நல்ல சர்வர்தான், விலையும் நியாயம். ஆனால் இந்த எஸ்எல்ஏ நம் வியாபார நஷ்டத்தை ஈடுகட்டாது. புது காலண்டர் ஆல்பம் வெளியிடும் ஆடி 18 அன்று ஆறு மணி நேரம் சைட் நின்றாலும் நமக்கு வருவது ரூ.420தான், அதுவும் பணமாக வராது. அதனால் இரண்டு மூன்று விதிகளை மாற்றி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடலாம் என்பது என் யோசனை.

வாங்கப்போவது ஒரு விபிஎஸ் சர்வர், அதாவது ஒரு பெரிய சர்வரில் நமக்கென்று தனியாகப் பிரித்துத் தரும் பங்கு. மாதம் ரூ.4,200. கன்ட்ரோல் பேனல் லைசென்ஸ் ரூ.1,500, பேக்கப் ரூ.600 தனி. எல்லாவற்றுக்கும் மேல் 18% ஜிஎஸ்டி. ஒரு வருடத் தொகையை முன்பணமாகக் கட்டச் சொல்கிறார்கள். எஸ்எல்ஏ கணக்கெல்லாம் ரூ.4,200 மீது மட்டும்தான். பேனலுக்கும் பேக்கப்புக்கும் வரிக்கும் அது பொருந்தாது.

எவ்வளவு நேரம் ஓடும் என்கிறார்கள்

விபிஎஸ் சர்வருக்கு 99.9%. டேட்டா சென்டரின் நெட்வொர்க்குக்கும் மின்சாரத்துக்கும் 99.95%. 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடம் இருக்கிறது. 99.9% என்றால் மாதத்துக்கு 43 நிமிடம் நின்றாலும் அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை என்று பொருள். வருடக் கணக்கில் பார்த்தால் எட்டே முக்கால் மணி நேரம். நெட்வொர்க்குக்கு மாதம் 21 நிமிடச் சொச்சம். இந்த விலைக்கு இது வழக்கமான அளவுதான், இதில் எனக்குக் குறை இல்லை.

மெயில், கன்ட்ரோல் பேனல், பேக்கப் மூன்றுக்கும் இலக்கே கிடையாது. ‘நியாயமான முயற்சி எடுப்போம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். ஏஜென்டுகள் பெயர் அச்சடிக்கும் மேட்டரை மெயிலில்தான் அனுப்புகிறார்கள். ஆகவே மெயிலை இந்த சர்வருக்கு மாற்ற வேண்டாம், இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

‘நின்றது’ என்பதற்கு அவர்கள் தரும் அர்த்தம்

நான் அதிகம் கவலைப்படுவது பிரிவு 3.2 பற்றித்தான். சர்வர் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க அவர்களுடைய கண்காணிப்பு அனுப்பும் பிங்குக்கு அது தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் பதில் தராவிட்டால்தான் அது ‘நின்றது’. மெதுவாக ஓடுவது கணக்கில் வராது. பிங்குக்குப் பதில் வந்து, சைட் திறக்காமல் இருந்தாலும் கணக்கில் வராது.

போன நவம்பரில் பழைய சர்வரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மதுரை ஏஜென்ட் போன் செய்து, ஆல்பம் பக்கம் வெள்ளையாக இருக்கிறது, நடுவில் ஒரே ஒரு வரி தெரிகிறது என்றார். Error establishing a database connection என்பதுதான் அந்த வரி. நான் உட்கார்ந்து பார்த்தால் பிங் நன்றாகப் போகிறது, ஒவ்வொன்றுக்கும் 30 மில்லி செகண்டில் பதில். அந்த சர்வர் கம்பெனி பக்கத்து ஸ்டோரேஜ் டிஸ்க் திணறியதால் டேட்டாபேஸ் எழவில்லை என்று மறுநாள் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இந்தப் புது எஸ்எல்ஏ-படி பார்த்தால் சைட் திறக்காத அந்த மூன்று மணி நேரமும் சர்வர் ‘ஓடிக்கொண்டிருந்தது’ என்றே கணக்காகும்.

அடுத்து, நேரம் எப்போதிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பது. சர்வர் நின்ற நிமிடத்திலிருந்து இல்லை, நாம் எழுத்தில் புகார், அதாவது டிக்கெட், போட்ட நிமிடத்திலிருந்துதான் கணக்கு (பிரிவு 3.4). போனில் சொன்னால் செல்லாது. வாட்ஸ்அப்பும் செல்லாது.

எவ்வளவு திரும்பக் கிடைக்கும்

மாதக் கட்டணத்தில் இத்தனை சதவீதம் கிரெடிட் என்று ஒரு அட்டவணை இருக்கிறது:

இலக்குக்குக் கீழே, 99.5% வரை: 5%, அதாவது ரூ.210
99.5%-க்குக் கீழே, 99% வரை: 10%, ரூ.420
99%-க்குக் கீழே, 95% வரை: 25%, ரூ.1,050
95%-க்கும் கீழே: 50%, ரூ.2,100. இதுதான் உச்சவரம்பு.

ஆடி 18 அன்று புது ஆல்பம் வெளியிடுகிறோம். போன வருடம் அன்று ஒரு நாளில் மட்டும் 62 ஆர்டர் ஆன்லைனில் பதிவானது. அன்றைக்குக் காலை 10 மணிக்கு சர்வர் நின்று மாலை 4 மணிக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் மாதத்தில் 44,640 நிமிடம். 360 நிமிடம் போனால் 99.19%, கிரெடிட் ரூ.420. ஆனால் ஆபீஸில் பூஜையும் வரவேற்பும் நடக்கிற நாள் அது. சைட் நின்றதை நாம் பகல் 12.30-க்குத்தான் கவனித்து டிக்கெட் போட்டோம் என்றால் கணக்கு இப்படி மாறிவிடும்:

```
(44640 - 210) / 44640 * 100 = 99.53
```

99.5-ஐத் தாண்டிவிட்டதால் கிரெடிட் ரூ.210 ஆகிறது. இரண்டரை மணி நேரத் தாமதத்தில் பாதி போய்விட்டது. 50% கிடைக்க வேண்டும் என்றால் ஒரே மாதத்தில் 37 மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். அப்போதும் வருவது ரூ.2,100.

கிரெடிட் தானாக வராது. சம்பவம் முடிந்த பத்து நாளுக்குள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், லாக் எல்லாம் வைத்து டிக்கெட்டில் கேட்க வேண்டும். நம் பேரில் பாக்கி இருந்தால் கேட்க முடியாது. பணமாகத் தரமாட்டார்கள், அடுத்த பில்லில் கழிப்பார்கள். நாம் வருட முன்பணம் கட்டுவதால் ‘அடுத்த பில்’ என்பது அடுத்த வருட ரினிவல் பில் (பிரிவு 6.5). சர்வீஸ் சரியில்லை என்று நாம் விலகினால், அந்தச் சரியில்லாத சர்வீஸுக்காகக் கிடைத்த கிரெடிட்டும் அழிந்துவிடும். இந்த ஒரு விதியை நான் நியாயம் என்று ஏற்கவே மாட்டேன்.

பிரிவு 6.7-ஐயும் பார்த்துவிடுங்கள். இந்த கிரெடிட்தான் ஒரே நிவாரணம், வேறு எந்த நஷ்டத்தையும் கேட்க முடியாது என்கிறது. ஆர்டர் போனது, ஏஜென்ட் போனது எதற்கும் ஈடு இல்லை.

எதெல்லாம் கணக்கில் வராது

முன்னறிவிப்போடு செய்யும் மெயின்டெனன்ஸ் மாதம் ஆறு மணி நேரம் வரை. 48 மணி நேரம் முன்னால் மெயிலில் சொல்வார்கள், ஞாயிறு நள்ளிரவு 12 முதல் விடிகாலை 5 வரை செய்வார்கள். நமக்கு இது பாதகமில்லை. ஆனால் ‘அவசர மெயின்டெனன்ஸ்’ என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கு முன்னறிவிப்பும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை. எதை வேண்டுமானாலும் அவசரம் என்று எழுதிவிட முடியும்.

போலிக் கோரிக்கைகளைக் குவித்து சர்வரைத் திணறடிக்கும் டிடாஸ் தாக்குதல் வந்தால் நம் ஐபி முகவரியை 24 மணி நேரம் வரை அடைத்துவைக்கலாம், அந்த நேரமும் கணக்கில் இல்லை. தாக்குதல் பக்கத்து வாடிக்கையாளர் மேல் வந்து நாம் மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான் என்று வாசகம் போகிறது.

நம் மென்பொருள், பிளகின், நாம் செய்த அப்டேட், டொமைன் காலாவதி, பேமென்ட் கேட்வே, நம் ஆபீஸ் இன்டர்நெட், சர்வரின் மெமரி எல்லையை நாம் மீறியது ஆகியவற்றால் நின்றால் அவர்கள் பொறுப்பில்லை. இது நியாயம்தான். டொமைன் வேறு இடத்தில் பதிவானது, அக்டோபரில் புதுப்பிக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இயற்கைச் சீற்றம், போர், அரசு உத்தரவு வரிசையில் ‘மின்வாரிய மின்தடை’யையும் சேர்த்திருக்கிறார்கள். டேட்டா சென்டருக்கு நாம் காசு கொடுப்பதே அவர்களிடம் யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் இருக்கிறது என்பதற்காகத்தான். 99.95% மின்சாரம் என்று மேலே சொல்லிவிட்டுக் கீழே மின்தடைக்குப் பொறுப்பில்லை என்றால் மேலே சொன்னதற்கு மதிப்பே இல்லை. இதை நீக்கியே ஆக வேண்டும்.

டேட்டா அழிந்தால் எஸ்எல்ஏ-யில் ஒன்றுமே இல்லை. தினம் ஒரு பேக்கப், ஏழு நாள் வைத்திருப்பார்கள், அதே டேட்டா சென்டரில். 2021 மார்ச் 10-ம் தேதி பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் கம்பெனியின் டேட்டா சென்டர் கட்டடம் தீயில் போனது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். நம் ஆறு வருட ஏஜென்ட் கணக்கும் டிசைன் கோப்புகளும் ஒரே கட்டடத்தில் இருக்க நான் சம்மதிக்க மாட்டேன். அந்த ரூ.600 பேக்கப்பை விட்டுவிட்டு, வேறு ஊரில் இருக்கும் வேறு கம்பெனி ஸ்டோரேஜுக்கு ராத்திரிதோறும் நகல் போகும்படி நான் அமைத்துத் தருகிறேன். மாதம் ஒருமுறை அதிலிருந்து திறந்து பார்த்தும் காட்டுகிறேன்.

சப்போர்ட் பற்றி ஒரு வரி: அவசர டிக்கெட்டுக்கு 30 நிமிடத்தில் பதில் என்கிறார்கள். அது பதில் மட்டும்தான், சரிசெய்து முடிப்பதற்குக் கெடு இல்லை.

அவர்களிடம் கேட்க வேண்டியது

முதலாவது, வெளியேறும் உரிமை. தொடர்ந்து வரும் மூன்று மாதத்தில் இரண்டு மாதம் 99.5%-க்குக் கீழே போனால், மீதி மாதங்களின் பணத்தைத் திருப்பித் தந்து நம்மை விட்டுவிட வேண்டும். கிரெடிட் சதவீதத்தைக் கூட்டிக் கேட்பதைவிட இது நமக்கு மேல். ஒத்துக்கொள்ளாவிட்டால் வருட முன்பணம் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுகிறோம் என்போம். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை, கிரெடிட்டும் அடுத்த காலாண்டு பில்லிலேயே கழிந்துவிடும்.

இரண்டாவது, அவர்கள் பக்கக் கோளாறால் சைட் திறக்காவிட்டால், பிங் வந்தாலும் ‘நின்றது’ என்றே எழுத வேண்டும். நேரத்தை அவர்கள் கண்காணிப்பு பதிவு செய்த நிமிடத்திலிருந்தோ நம் டிக்கெட் நிமிடத்திலிருந்தோ, எது முந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும்.

மூன்றாவது, மின்தடை வாசகத்தை நீக்க வேண்டும். அவசர மெயின்டெனன்ஸுக்கு மாதம் இரண்டு மணி நேர வரம்பு வேண்டும். ஜூலை 15 முதல் டிசம்பர் 31 வரை நம் சீசனில் பகல் நேர மெயின்டெனன்ஸ் கூடாது.

மூன்றில் முதலாவதுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் அண்ணாச்சி. மற்றவை பேசித் தீர்க்கக்கூடியவை.

நம் பக்கமும் ஒரு ஏற்பாடு வேண்டும். வெளியிலிருந்து ஒவ்வொரு நிமிடமும் ஆல்பம் பக்கத்தைத் திறந்து பார்த்து, திறக்காவிட்டால் என் போனுக்கும் மேனேஜர் அண்ணன் போனுக்கும் மணி அடிக்கிற கண்காணிப்பு ஒன்றை வைக்கிறேன். டிக்கெட் போடும் லாகின் எங்கள் இருவரிடமும் இருக்கட்டும். ஆடி 18 அன்று ஒருவர் கட்டாயம் கம்ப்யூட்டர் முன்னால் இருப்போம்.

கையெழுத்துக்கு மே 30 கடைசி நாள் என்கிறார்கள். மேலே உள்ள மூன்று கோரிக்கைகளையும் ஒரு மெயிலாக எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் சரி என்றால் நாளைக் காலையே அனுப்பிவிடுகிறேன். அவர்கள் ஒத்துக்கொள்வதை போனில் சொன்னால் போதாது, ஒப்பந்தத்தோடு பின் இணைப்பாகச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் பிரிவு
சிவகாசி, மே 22