ஆடி ஊர்வல அடி: குழுவினருக்கான பயிற்சித் தாள்

காசிமேட்டிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டை நோக்கிச் செல்லும் அம்மன் ஊர்வலத்தில் நாம் 13 பேர் பறை அடிக்கிறோம். முன்னே ஒருவர் முன்னடிக்காரர். அவருக்குப் பின்னால் ஆறு ஆறு பேராக இரண்டு வரிசைகள். இந்த அடி அவர்களுக்காகவே கட்டப்பட்டது. ஓயாமல் பலமாக அடிப்பதால் ஓசை பெரிதாகிவிடாது. எல்லோருடைய அழுத்தமும் ஒரே கணத்தில் விழ வேண்டும். அந்த அழுத்தத்துக்கு முன்பும் பின்பும் சற்று வெற்றிடமும் இருக்க வேண்டும்.

அடிக்குச்சியால் தோலின் நடுவில் விழும் அழுத்தமான அடியைத் ‘தா’ என்றும், அதே குச்சியால் மெல்ல விழுவதைக் ‘கு’ என்றும், இடக்கைச் சிண்டுக்குச்சியின் அடியைக் ‘கி’ என்றும், இரண்டு குச்சிகளும் ஒன்றாக விழுவதை ‘ஜம்’ என்றும் இங்கே எழுதியிருக்கிறேன். கோடு (–) ஒரு மாத்திரை அமைதியைக் குறிக்கும். ஒரு சுற்றுக்கு 16 மாத்திரை.

நடை அடி:

தா கி கு | தா கி கு | தா கி | தா கி கு | தா கி கு | ஜம் –

இதை மூன்று, மூன்று, இரண்டு என்று இருமுறை எண்ண வேண்டும். நான்கு மாத்திரைக்கு ஒரு காலடி வைத்து நடந்தால், 1, 9 ஆகிய மாத்திரைகளில் விழும் அழுத்தம் இரண்டுமே வலது காலோடு சேரும். மற்ற நான்கு அழுத்தங்களும் காலடிகளுக்கு இடையே துள்ளும். கூட்டத்தை ஆட வைப்பது அந்தத் துள்ளல்தான். நிமிடத்துக்கு 80 காலடி என்றால் ஒரு சுற்றுக்கு 3 விநாடி ஆகும். அழுத்தத்துக்கு முழங்கையைத் தூக்குங்கள். ‘கு’வுக்கு மணிக்கட்டு அசைந்தால் போதும். ‘கு’ சத்தமாகிவிட்டால் ‘தா’ செத்துவிடும். ஒத்திகையில் நாம் அதிகம் தவறுவது இங்கேதான்.

நடை அடி எட்டுச் சுற்று முடிந்ததும் முன்னடிக்காரர் குச்சியை உயர்த்துவார். உடனே மற்றவர்கள் நிறுத்த, அவர் மட்டும் கேட்பார்:

தா – தா – தா கி தா –

பன்னிரண்டு பேரும் பதில் சொல்வார்கள்:

ஜம் – – ஜம் – – ஜம் –

இது இரண்டு முறை. மூன்றாம் முறை பறைகள் வாய்மூடிக் கிடக்க, முன்னடிக்காரர் எட்டு மாத்திரைக்குள் “ஓம் சக்தி!” என்று குரல் கொடுப்பார், குழுவும் தெருவும் அடுத்த எட்டு மாத்திரைக்குள் “பராசக்தி!” என்று திருப்பித் தரும். அதன்பின் கேள்வியும் பதிலும் குறுகிக்கொண்டே வரும். முதலில் நான்குக்கு நான்கு, இரண்டு முறை:

தா கி தா – | ஜம் – ஜம் –

பிறகு இரண்டுக்கு இரண்டு, நான்கு முறை:

தா – | ஜம் –

கடைசியில் எல்லோரும் சேர்ந்து தீர்மானம்:

தா கி கு தா – | தா கி கு தா – | தா கி கு தா – | –

பதினாறாம் மாத்திரையில் யாரும் அசையக் கூடாது. அடுத்த சுற்றின் முதல் மாத்திரையில் ‘ஜம்’ விழுந்தவுடன் நடை அடி தொடரும். பறையைச் சாவு மேளமாக மட்டுமே காதில் வைத்திருக்கும் தெருக்களும் நம் வழியில் உண்டு. அங்கே முதலில் கேட்க வேண்டியது இந்தத் தீர்மானமே.

வரிசையின் கடைசி ஆள் முன்னடிக்காரரிடமிருந்து ஏறக்குறைய 12 மீட்டர் தள்ளி நிற்பார். ஒலி அவரிடம் போய்ச் சேர ஒரு விநாடியில் 30இல் ஒரு பங்குக்கு மேல் ஆகிறது. அது ஒரு மாத்திரையில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில். அவர் காதை நம்பி அடித்தால் பதில் தேங்கித்தான் வரும். ஆகவே பின்வரிசையினர் முன்னடிக்காரரின் குச்சி மேலெழுவதைக் கண்ணால் பார்த்து அடிக்க வேண்டும். குறுகிய சந்துகளில் இருபுறச் சுவர்களும் ஓசையைத் திருப்பி எறியும். அங்கே நடை அடியைப் பாதி பலத்துக்குக் குறைத்து, பதிலை மட்டும் முழு பலத்தில் அடியுங்கள்.

கடற்காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். புறப்படுவதற்கு முன்பும் நடுவழியில் ஒரு முறையும் வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்ச வேண்டும். கங்குக்கு மிக அருகில் பிடித்தால் தோல் கருகி வெடிக்கும். ஸ்டான்லி மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. அந்த இடத்தில் குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டு, வலது காலின் எண்ணிக்கையை மட்டும் மனத்தில் விடாமல் நடப்போம். எல்லை தாண்டியதும் முன்னடிக்காரரின் ‘தா’விலிருந்து மீண்டும் தொடங்கும்.